கால் பங்கு ஃப்ளை ஆஷ் போட்டால் எத்தனை மூட்டை சிமெண்ட் குறையும்? வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சார், கால் பங்கு சாம்பல் போட்டா கால் பங்கு மூட்டை மிச்சம். நூறு மூட்டை வேண்டிய இடத்துல எழுபத்தஞ்சு போதும்." மாதவரத்தில் நான் வீடு கட்ட ஆரம்பித்தபோது மேஸ்திரி சொன்னது இது. அவர் சொன்ன சாம்பல், அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து வரும் ஃப்ளை ஆஷ். கூலி மட்டும் அவருக்கு, பொருள் வாங்கிக் கொடுப்பது நான் என்று பேசியிருந்தோம். மூட்டைக் கணக்கு என் தலையில் இருந்ததால் கேட்க இனிமையாக இருந்தது, நம்பிவிட்டேன். காம்பவுண்ட் சுவரின் அடிப் பீமில்தான் முதலில் செய்து பார்த்தோம். 28 நாள் கழித்து, அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியான க்யூபை உடைத்தால் பலம் 25 மெகாபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் 16 வந்தது. பீமை உடைத்து மறுபடி போட்டோம்.

தளம் போடுவதற்கு முன் ஒரு பொறியாளரிடமும் ஒரு பரிசோதனைக் கூடத்திலும் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அதே பீமை உடைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். கீழே வருவது எல்லாம் கட்டட இடத்திலேயே மெஷின் வைத்துக் கலக்கும் கான்கிரீட்டுக்கு. ரெடிமிக்ஸ் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கை ஆலையிலேயே செய்துவிடுவார்கள். நீங்கள் கனமீட்டர் விலைதான் கொடுப்பீர்கள்.

1. முதலில் உங்கள் சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சென்னைக் கடைகளில் "சிமெண்ட்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பிபிசி மூட்டைதான் வரும். அதில் ஆலையிலேயே ஃப்ளை ஆஷ் கலந்திருக்கிறது. ஐஎஸ் 1489 தரத்தின்படி 15 முதல் 35 சதவீதம் வரை கலக்கலாம். எவ்வளவு என்பதை மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். என் மூட்டையில் 30 சதவீதம் இருந்தது. அதற்கு மேல் கால் பங்கை எடுத்துவிட்டுச் சாம்பல் போட்டோம். கணக்குப் பாருங்கள்: சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த 100 கிலோ தூளில் வெளியிலிருந்து போட்ட சாம்பல் 25 கிலோ. மீதி 75 கிலோ பிபிசியில் இன்னும் 22.5 கிலோ சாம்பல். ஆக, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சாம்பல். பீம் பலம் வராமல் போனதில் வியப்பே இல்லை.

அதனால் விதி இதுதான்: தனியாகச் சாம்பல் கலக்கப் போகிறீர்கள் என்றால் சாம்பல் கலக்காத ஓபிசி மூட்டை வாங்குங்கள். கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டு, இறக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் பாருங்கள். எனக்கு இரண்டாவது லோடில் நடுவில் எட்டு பிபிசி மூட்டை கலந்து வந்தது, திருப்பி அனுப்பினேன். தயாரித்த வாரமும் ஆண்டும் மூட்டையில் இருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள்.

2. சாம்பலை எங்கே வாங்குவது, எந்தக் காகிதத்தைக் கேட்பது

நம் ஊருக்குச் சாம்பல் வடக்கிலிருந்து வருகிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்து டேங்கர் லாரியில் ஏற்றிப் போவது சிமெண்ட் ஆலைகளும் ரெடிமிக்ஸ் ஆலைகளும். நமக்கு வேண்டிய ஒரு டன், இரண்டு டன்னுக்கு மூட்டை கட்டி விற்பவர்களிடம்தான் போக வேண்டும்.

அனல்மின் நிலையத்தில் சாம்பல் இரண்டு வழியாக வெளியே வரும். புகைபோக்கிக்கு முன்னால் வடிகட்டியில் பிடித்து உலர்ந்த நிலையில் எடுப்பது ஒன்று. தண்ணீரோடு கலந்து குளத்தில் கொட்டி, பிறகு அள்ளுவது இன்னொன்று. கான்கிரீட்டுக்கு முதல் வகை மட்டுமே. குளத்துச் சாம்பலில் அடிச்சாம்பலின் பருத்த துகளும் ஈரமும் கலந்திருக்கும். பள்ளம் தூர்க்கவும் கல் அறுக்கவும் போகும் அதை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் ஐஎஸ் 3812 பகுதி 1-இன்படி எடுத்த பரிசோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் நிறைய வரிகள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இது சாம்பல் எவ்வளவு மாவாக இருக்கிறது என்பதைக் காட்டும். எரிப்பு இழப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியைக் காட்டும் எண். கரி கூடினால் கலவை தண்ணீரைக் குடிக்கும், கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றுவார், பலம் போய்விடும்.

சான்றிதழ் ஒன்று, வந்திருக்கும் மூட்டை வேறு என்று ஆகலாம். அதனால் கையிலும் பாருங்கள். நல்ல சாம்பல் முகப்பவுடர் மாதிரி விரலிடுக்கில் வழிந்து ஓடும். பிடித்தால் கட்டியாக நின்றால் ஈரம் பட்டது. விரலில் மணல்போல் நெருடினால் பருத்தது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால் மேலே கறுப்பாக ஆடை படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் கரி அதிகம்.

அப்புறம், சாம்பல் மூட்டையை எடை போடுங்கள். சிமெண்டைவிடச் சாம்பல் லேசானது, அதே சாக்கில் 50 கிலோ அடங்காது. 50 என்று சொல்லிக் கொடுத்த மூட்டை எனக்கு 41 கிலோ இருந்தது. இந்த ஒன்பது கிலோ கீழே வரும் கணக்கு முழுவதையும் கெடுக்கும்.

3. மூட்டைக் கணக்கு: ஏன் கால் பங்கு குறையாது

சாம்பல் தானாகச் சிமெண்ட் மாதிரி இறுகாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளியே வரும், அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்துதான் சாம்பல் வேலை செய்யும். அது மெதுவாக நடக்கும். 28-ஆம் நாளில் ஒரு கிலோ சாம்பல் ஒரு கிலோ சிமெண்டின் வேலையை முழுதாகச் செய்திருக்காது. அதை ஈடுகட்ட மொத்தத் தூளைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கலவை வடிவமைப்புக்கான ஐஎஸ் 10262 சாம்பல் சேர்த்த உதாரணக் கணக்கில் மொத்தத் தூளை 10 சதவீதம் கூட்டிவிட்டுத்தான் பிரிக்கிறது. எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் செய்து கொடுத்ததும் அப்படித்தான்.

என் தளத்தை வைத்தே பார்ப்போம். 1000 சதுர அடி, 5 அங்குல கனம். பீம்களையும் சேர்த்து 14 கனமீட்டர் கான்கிரீட், 28 நாளில் அந்த 25 வர வேண்டிய எம்25 தரம். சாம்பல் இல்லாத கலவையில் ஒரு கனமீட்டருக்கு 350 கிலோ ஓபிசி, அதாவது 7 மூட்டை. 14 கனமீட்டருக்கு 98 மூட்டை.

மேஸ்திரி கணக்கில் 98-இல் கால் பங்கு போனால் 73 அல்லது 74 மூட்டை போதும். சரியான கணக்கு இப்படிப் போகும்:

```
மொத்தத் தூள் = 350 × 1.10  = 385 கிலோ
சிமெண்ட்     = 385 × 0.75  = 289 கிலோ
சாம்பல்      = 385 × 0.25  = 96 கிலோ
14 கனமீட்டருக்கு:
சிமெண்ட்     = 289 × 14 / 50 = 81 மூட்டை
சாம்பல்      = 96 × 14 / 50  = 27 மூட்டை
```

98 மூட்டை 81 ஆகிறது. குறைவது 17 மூட்டை, 25 அல்ல. சாம்பலையும் சேர்த்து எண்ணினால் களத்தில் இறங்குவது 108 மூட்டை. அதனால் அடுக்கி வைக்கும் இடத்தையும் தார்ப்பாயையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்குக்கு ஒரு குறுக்குவழி: சாம்பல் இல்லாத மூட்டை எண்ணிக்கையை 0.825-ஆல் பெருக்குங்கள் (1.10 × 0.75). இது கால் பங்குச் சாம்பலுக்கு மட்டும். 15 சதவீதம் என்றால் 0.935. கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 சிமெண்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ள விடும் உச்சம் 35 சதவீதம். அதற்கு 0.715. முதல் முறை செய்பவர் 25-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

அதே ஐஎஸ் 456-இல் குறைந்தபட்சத் தூள் அளவு ஒன்று உண்டு. மாதவரம் மாதிரி கடலிலிருந்து தள்ளி இருக்கும் இடத்துக்கு எம்25 தளம் என்றால் 300 கிலோ. சாம்பலும் அதில் சேரும் என்பதால் 385 தாராளமாகத் தாண்டும். திருவொற்றியூர், எண்ணூர், நீலாங்கரை என்று உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் எம்30, 320 கிலோ, தூள் எடைக்குத் தண்ணீர் விகிதம் 0.45-க்குள் என்று விதி மாறும். என் எண்களை அங்கே அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

4. பரிசோதனைக் கூடத்தில் கலவை வடிவமைப்பு

தளம் போடும் நாளுக்கு ஆறு வாரம் முன்னால் இதை ஆரம்பியுங்கள். அந்த 28 நாளை யாராலும் சுருக்க முடியாது. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள கூடமாகப் பாருங்கள். கொண்டுபோக வேண்டியது: நீங்கள் வாங்கப் போகும் அதே சிமெண்ட் ஒரு மூட்டை, அதே சாம்பல் அரை மூட்டை, அதே எம்சாண்ட், அதே 20 மி.மீ. ஜல்லி, தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கப் போடப் போகும் பிளாஸ்டிசைசர். "பொதுவான" பொருளில் செய்து கொடுத்தால் அந்த அறிக்கை உங்கள் களத்துக்கு உதவாது.

எனக்கு ஆன செலவு 9,000 ரூபாய். அறிக்கையில் 28 நாள் சராசரி 31.6-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எம்25-க்கு 25-ஐ அல்ல, இந்த எண்ணைத்தான் இலக்காக வைப்பார்கள். களத்தில் கை கொஞ்சம் தவறினாலும் 25-க்குக் கீழே போகாமலிருக்கும் இடைவெளி அது. 56 நாள் க்யூபும் வேண்டும் என்று சொல்லி வையுங்கள். சாம்பல் தன் வேலையைக் காட்டுவது அப்போதுதான்.

5. களத்தில்: பெட்டிக் கணக்கை மாற்றாவிட்டால் மூட்டை குறையவே குறையாது

பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மேஸ்திரிக்குப் பழகிய கணக்கு "ஒரு மூட்டைக்கு இத்தனைப் பெட்டி மணல், இத்தனைப் பெட்டி ஜல்லி". சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தால் அதே பெட்டிகளோடு சாம்பலையும் மேலே போட்டுவிடுவார். கான்கிரீட் நன்றாகவே வரும். ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கான்கிரீட்தான் கிடைக்கும். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் சிமெண்ட் ஏறத்தாழ பழைய எண்ணிக்கையிலேயே செலவாகியிருக்கும், சாம்பல் காசு கூடுதல். இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. மூட்டையில் கால் பங்கை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாண்டு சாம்பலைக் கொட்டுவார்கள். சாம்பல் லேசு என்பதால் பாண்டு நிரம்பியிருந்தாலும் எடை குறையும், பலமும் குறையும். என் பீமில் நடந்தது இதுவும்தான்.

சரியான வழி, ஒரு சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காமல் முழுதாகப் போட்டு, மற்றதை அதற்கேற்பக் கூட்டுவது. என் அறிக்கையிலிருந்து ஒரு மூட்டைக்கு எடுத்த எண்கள்:

```
                  சாம்பல் இல்லாமல்    கால் பங்கு சாம்பல்
சிமெண்ட்             50 கிலோ             50 கிலோ
சாம்பல்              —                   16.6 கிலோ
எம்சாண்ட்            111 கிலோ            124 கிலோ
ஜல்லி               163 கிலோ            197 கிலோ
தண்ணீர்             24.3 லிட்டர்         29.4 லிட்டர்
கான்கிரீட்           0.143 கனமீட்டர்      0.173 கனமீட்டர்
```

கடைசி வரியில்தான் மிச்சம் இருக்கிறது. ஒரு மூட்டைக்கு வரும் கான்கிரீட் கூடுவதால் 98 கலவைக்குப் பதில் 81 கலவையில் தளம் முடிகிறது. ஒரு மூட்டைக் கலவை மெஷினில் இந்த அளவு அடங்கும்.

மணல் ஜல்லி அளவுக்குக் கூடவில்லை, கவனித்தீர்களா? ஒரே எடையில் சாம்பல் அதிக இடத்தை அடைக்கும். சிமெண்டின் ஒப்படர்த்தி 3.15, சாம்பலுடையது சுமார் 2.2. ஒரு கனமீட்டரில் தூள் அடைக்கும் இடம் 111 லிட்டரிலிருந்து 135 லிட்டராகிறது. அந்த 24 லிட்டரை எங்கிருந்தாவது குறைக்க வேண்டும். மணலிலிருந்து குறைத்தால் கனமீட்டருக்கு 64 கிலோ. குறைக்காமல் விட்டால் கலவை பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் கேட்பார்கள்.

சாம்பலை அளப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. கால் பங்கு என்றால் மூன்று சிமெண்ட் மூட்டைக்கு ஒரு 50 கிலோ சாம்பல் மூட்டை. முதல் நாள் சாயங்காலமே ஒவ்வொரு சாம்பல் மூட்டையையும் தராசில் வைத்து மூன்று சாக்காகப் பிரித்து வைத்துவிட்டேன். 81 சிறு சாக்குகள். காலையில் மெஷின் பக்கம் நிற்கும் பெரியாளுக்கு ஒரே வேலை: ஒரு மூட்டை, ஒரு சாக்கு. மணலுக்கும் ஜல்லிக்கும் மேலே சொன்ன எடை கொள்ளும் உயரத்தில் பெட்டியில் கோடு போட்டுக்கொண்டோம். மணல் ஈரமாக இருந்தால் அதிலிருக்கும் தண்ணீரை 29.4-இல் கழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சிறிய விஷயம் அல்ல. 124 கிலோ மணலில் 4 சதவீத ஈரம் என்றால் ஐந்து லிட்டர். ஈரத்தின் எடை அளவு மணலைக் கூடுதலாகப் போடவும் வேண்டும்.

ஒரு நோட்டில் கலவை எண், நேரம், மூட்டை, சாக்கு என்று கோடு போட்டு வாருங்கள். வெறும் சிமெண்ட் மூட்டைச் சாக்கும் சாம்பல் சாக்கும் எந்த நேரத்தில் எண்ணினாலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு 40-ஆவது கலவை வாக்கில் இரண்டு சாக்கு வித்தியாசம் வந்தது. உடனே நிறுத்திக் கேட்டபோது, டீ நேரத்தில் ஆள் மாறியது தெரிந்தது.

6. முட்டு, தண்ணீர், க்யூப்

சாம்பல் கான்கிரீட் மெதுவாக இறுகும். மட்டப்பலகை போட்டுத் தேய்ப்பதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மேல்பரப்பு வெயிலில் காய்ந்து வெடிக்கும், ஈரச் சாக்கைத் தயாராக வையுங்கள்.

தண்ணீர் கட்டுவது: ஓபிசிக்கு 7 நாள் என்ற பழக்கம் இங்கே போதாது. ஐஎஸ் 456 சாம்பல் கலந்தால் குறைந்தது 10 நாள் கேட்கிறது. உலர்ந்த வெயில் காலத்தில் 14 நாள். நான் பாத்தி கட்டி 14 நாள் வைத்தேன். தண்ணீர் லாரி இரண்டு கூடுதலாக ஆனது.

முட்டு: தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு ஓபிசியில் 7 நாள், 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள் என்பது விதி. வேறு சிமெண்ட் என்றால் கூட்டச் சொல்கிறது. பொறியாளர் சொல்லி நான் தளத்துக்கு 14, பீமுக்கு 21 வைத்தேன். சென்டரிங்காரர் வாடகை நாளைக் கூட்டிக் கேட்பார். தளம் போடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் வந்து "கல்லாட்டம் இருக்கு, பிரிக்கட்டுமா" என்பார்கள், விடாதீர்கள்.

க்யூப்: 14 கனமீட்டருக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று, ஆக 28 நாளுக்கு ஆறு. 7 நாளுக்கு மூன்றும் 56 நாளுக்கு மூன்றும் சேர்த்தால் பன்னிரண்டு. வெவ்வேறு நேரக் கலவையில் எடுங்கள்.

7. காசு எவ்வளவு மிச்சம்

எனக்கு ஓபிசி மூட்டை 400 ரூபாய்க்கு வந்தது. 17 மூட்டை குறைந்ததில் 6,800. சாம்பல் 27 மூட்டை, நூறு ரூபாய் வீதம் 2,700. மீஞ்சூர் பக்கத்திலிருந்து சின்ன வண்டி 2,000. மிச்சம் 2,100. கூடக் கொடுத்த முட்டு வாடகையும் தண்ணீர் லாரியும் அதைச் சாப்பிட்டுவிட்டன. கலவை வடிவமைப்புக்கான 9,000 தனி.

அதனால் ஒரே ஒரு தளத்துக்குக் காசை நினைத்து இதில் இறங்காதீர்கள். சாம்பல் கலந்த கான்கிரீட் நீர் எளிதில் புகாமல் இருக்கும், கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும். அதுமட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல பிபிசி மூட்டை வாங்கி, வேறெதையும் சேர்க்காமல், 14 நாள் தண்ணீர் கட்டுவதே எளிது. தனியாகச் சாம்பல் வாங்குவது இரண்டு மூன்று மாடி, அடுத்தடுத்த தளங்கள் என்று ஒரே அறிக்கையைப் பலமுறை பயன்படுத்துபவர்களுக்கும், ஓபிசியைத்தான் போட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதி வாங்கியவர்களுக்கும் பொருந்தும். என் வரைபடத்தில் அப்படி எழுதியிருந்தது. முதல் மாடித் தளத்துக்கும் அதே அறிக்கை, அதே 81 சாக்குதான்.

முதலில் போட்ட தளத்தின் க்யூப் எண்கள்: 7 நாளில் 18, 28 நாளில் 31, 56 நாளில் 36. ஏழாம் நாள் 18-ஐப் பார்த்து மேஸ்திரி முகம் வாடியது. ஓபிசி மட்டும் போட்டிருந்தால் அன்றைக்கு 20-க்கு மேல் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். முட்டைத் தொடாமல் பதினான்காம் நாள் வரை அவரே காவல் இருந்தார்.